சீட்டில் இரண்டு லட்சம், கையில் ஐம்பதாயிரம்: பந்தயப் பட்டுவாடாவின் உச்சவரம்பைக் கணக்குப் போடுவது எப்படி

பந்தயச் சீட்டின் அடியில் `Potential Returns` என்று ஒரு எண் வரும். கட்டிய பணத்தை ஆட்ஸால், அதாவது ஜெயித்தால் ஒரு பவுண்டுக்கு எத்தனை பவுண்டு திரும்பும் என்ற எண்ணால், பெருக்கிக் காட்டும் எண் அது, அவ்வளவுதான். கம்பெனி தருவதாக ஒப்புக்கொண்ட தொகை என்று பலரும் அதை நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் ஒப்புக்கொண்டது எவ்வளவு என்பது விதிமுறைப் பக்கத்தில், `Maximum Payout` அல்லது `Maximum Winnings` என்ற தலைப்பின் கீழ் ஒரு அட்டவணையாக இருக்கும். இரண்டு எண்களில் எது சிறியதோ அதுதான் கைக்கு வரும். சிறிய பந்தயங்களில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. பல ஆட்டங்களைக் கோத்து ஒரே சீட்டாகப் போடும் அக்குமுலேட்டரில்தான் அடி விழும், அதுவும் வாழ்க்கையில் ஒரு முறை வரக்கூடிய பெரிய வெற்றியில்.

கிழக்கு லண்டனில் ஒரு பந்தயக் கடையில் கவுன்டர் வேலை பார்த்துவிட்டு இப்போது கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். கடலூரிலும் புதுச்சேரியிலும் பல வீடுகளில் பிரிட்டனிலோ பிரான்சிலோ யாராவது ஒருவர் வேலை பார்க்கிறார். அங்கே உரிமம் பெற்ற கம்பெனியில் பந்தயம் கட்டுவது சட்டப்படி சரி. இந்த வழிகாட்டி முதலில் அவர்களுக்கு. இங்கே ஊரில் இருப்பவர்களின் நிலைமை முற்றிலும் வேறு, அதைக் கடைசிப் பகுதியில் தனியாகச் சொல்கிறேன்.

உச்சவரம்பு புதிதாக வந்த தந்திரம் ஒன்றும் இல்லை. 2008 பிப்ரவரியில் யார்க்‌ஷயரைச் சேர்ந்த ஒருவர் வில்லியம் ஹில் கடையில் எட்டுக் குதிரைகளைக் கோத்து 50 பென்ஸ் கட்டினார். எட்டும் ஜெயித்தன. அவருக்குக் கிடைத்தது 10 லட்சம் பவுண்டு. அந்தக் கம்பெனியின் அன்றைய உச்சவரம்பும் அதுவேதான். ஆட்ஸ் இன்னும் எவ்வளவு ஏறியிருந்தாலும் ஒரு பென்னிகூடக் கூடியிருக்காது.

முதல் படி: சரியான அட்டவணையைக் கண்டுபிடிப்பது

ஒரு கம்பெனிக்கு ஒரே உச்சவரம்பு என்று நினைப்பதுதான் முதல் சறுக்கல். விளையாட்டுக்கு ஒன்று, அதற்குள் போட்டிக்கு ஒன்று என்று படிப்படியாக இறங்கும் பட்டியல் அது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக், சாம்பியன்ஸ் லீக் மாதிரிப் பெரிய கால்பந்துக்கு மேல் வரம்பு. இரண்டாம், மூன்றாம் நிலை லீக்குகளுக்கு அதைவிடக் குறைவு. ‘மற்ற எல்லாக் கால்பந்தும்’ என்று ஒரு வரி கடைசியில் இருக்கும், அங்கே வரம்பு பாதாளத்துக்குப் போகும். கிரிக்கெட்டிலும் அப்படியே: டெஸ்ட், உலகக்கோப்பை ஒரு தட்டு, உள்ளூர் போட்டிகள் வேறு தட்டு. கம்ப்யூட்டர் ஓட்டும் விர்ச்சுவல் குதிரைப் பந்தயத்துக்குத் தனி வரம்பு இருக்கும்.

ஏன் இப்படி என்றால், சின்ன லீக் ஆட்டத்தைப் பற்றிக் கம்பெனிக்குத் தெரிந்தது குறைவு. எந்த ஆட்டக்காரருக்குக் காயம், எந்த அணிக்குச் சம்பளம் வரவில்லை, யார் ஆட்டத்தை விற்கிறார்கள் என்பதெல்லாம் அந்த ஊர்க்காரனுக்கு முதலில் தெரியும். தனக்குத் தெரியாததில் தான் இழக்கக்கூடிய தொகைக்குக் கம்பெனி முன்கூட்டியே வேலி போட்டுக்கொள்கிறது. வேலி போடுவது நியாயம்தான் என்று நானும் நினைக்கிறேன். அந்த வேலி சீட்டில் தெரியாமல் விதிப் பக்கத்தில் மட்டும் இருப்பதுதான் என் வருத்தம். சில தளங்கள் தொகை வரம்பைத் தாண்டியதும் சீட்டிலேயே எச்சரிக்கை காட்டுகின்றன. பல தளங்கள் பெருக்கலை அப்படியே காட்டிக்கொண்டு போகும்.

தேடும்போது தளத்தின் `Help` பகுதியைவிட `Rules` அல்லது `Terms and Conditions` பகுதியில் பாருங்கள். உதவிப் பக்கம் சுருக்கம் மட்டும் சொல்லும், ஆனால் ஒப்பந்தம் என்று கணக்கில் வருவது விதிப் பக்கம். பிரான்சில் இருப்பவர்கள் `Gain maximum` என்று தேடிப் பார்க்கலாம். அங்கே உரிமம் கொடுத்துக் கண்காணிப்பது ஏஎன்ஜே என்ற அமைப்பு.

அட்டவணை கிடைத்ததும், ஆட்ஸைப் பார்ப்பதற்கு முன்னால், அதன் கீழே உள்ள சின்ன எழுத்துப் பத்திகளைப் படியுங்கள். நான்கு விஷயங்கள் அங்கேதான் இருக்கும். வரம்பு ஒரு சீட்டுக்கா, ஒரு நாளுக்கா? வெவ்வேறு தட்டு ஆட்டங்களை ஒரே சீட்டில் கலந்தால் எந்த வரம்பு? கட்டிய பணம் வரம்புக்குள் சேருமா, வெளியே நிற்குமா? ஒரே மாதிரிச் சீட்டுகள் பல போட்டால் சேர்த்துக் கணக்கிடுவார்களா? இவற்றில் இரண்டாவதுதான் மிகக் கொடியது.

இரண்டாம் படி: கலந்த சீட்டில் எந்த வரம்பு என்று பார்ப்பது

என் சித்தி மகன் லெஸ்டரில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறான். ஒரு வெள்ளிக்கிழமை இரவு வாட்ஸ்அப்பில் சீட்டின் படத்தை அனுப்பி, “அண்ணே, இருபது பவுண்டுக்கு ரெண்டு லட்சத்து இருபத்தோராயிரம் காட்டுது, கட்டட்டுமா?” என்று கேட்டான். பத்து ஆட்டங்கள். ஒன்பது ஆட்டங்கள் பெரிய லீக்குகளில். பத்தாவது, ஏதோ ஒரு நாட்டின் மூன்றாம் நிலை லீக்கில், நிச்சயம் ஜெயிக்கும் என்று அவன் நம்பிய அணி, ஆட்ஸ் 1.50.

“தம்பி, அந்தப் பத்தாவது மேட்சை யாரு சேர்க்கச் சொன்னா?” என்று கேட்டேன்.

அவன் கம்பெனியின் விதிப்படி பெரிய லீக்குகளுக்கு வரம்பு 5 லட்சம் பவுண்டு. ‘மற்ற எல்லாக் கால்பந்தும்’ என்ற வரிக்கு 50,000 பவுண்டு. அடியில் ஒரு வாக்கியம்: வெவ்வேறு வரம்புள்ள ஆட்டங்கள் ஒரே சீட்டில் இருந்தால், அவற்றில் மிகக் குறைந்த வரம்பே முழுச் சீட்டுக்கும் பொருந்தும். பல கம்பெனிகளிலும் இந்த வாக்கியம் ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். முதல் ஒன்பது ஆட்டங்களின் ஆட்ஸ் 2.10, 1.90, 3.20, 2.50, 2.00, 3.50, 2.75, 4.00, 3.00. எல்லாவற்றையும் பெருக்கினால் 7,373.52 வரும். 20 பவுண்டு கட்டினால் 1,47,470 பவுண்டு. இது 5 லட்ச வரம்புக்குள் நிற்கிறது, அதனால் முழுவதும் கிடைக்கும்.

இப்போது பத்தாவதைச் சேருங்கள். 1.50ஆல் பெருக்கியதும் ஆட்ஸ் 11,060.28 ஆகிறது. சீட்டு 2,21,205 பவுண்டு என்று காட்டுகிறது. ஆனால் சின்ன லீக் உள்ளே வந்துவிட்டதால் முழுச் சீட்டின் வரம்பும் 50,000க்கு இறங்கிவிட்டது. பத்தும் ஜெயித்தால் கைக்கு வருவது 50,000 பவுண்டு.

அதாவது பத்தாவது ஆட்டத்தைச் சேர்த்ததில் அவனுக்குக் கூடுதலாக 73,000 வரும் என்று திரை சொல்கிறது. நிஜத்தில் 97,000க்கும் மேல் குறைகிறது. ஜெயிக்க வேண்டிய ஆட்டம் ஒன்று கூடுகிறது, கிடைக்கும் தொகை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. இதைச் சொன்னதும் அவன் சிறிது நேரம் எதுவும் பேசவில்லை. “திரையில எங்கேயும் காட்டலையே அண்ணே” என்றான். காட்டவில்லைதான். அந்த ஆட்டத்தை எடுத்துவிட்டு ஒன்பதோடு கட்டினான். மறுநாள் மூன்றாவது ஆட்டத்திலேயே சீட்டு போய்விட்டது. பெரும்பாலான அக்குமுலேட்டர்களுக்கு நடப்பது அதுதான்.

ஆக, ஆட்டம் ஒன்றைச் சேர்க்கும் முன்னால் ‘இது எந்தத் தட்டு’ என்று பார்ப்பது, ‘இது ஜெயிக்குமா’ என்று பார்ப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை.

மூன்றாம் படி: கட்டும் பணத்தில் எவ்வளவு வேலை செய்கிறது

வரம்பு தெரிந்துவிட்டால் ஒரே ஒரு வகுத்தல் போதும்.

```
பயனுள்ள பணம் = வரம்பு ÷ மொத்த ஆட்ஸ்
```

சித்தி மகனின் பத்து ஆட்டச் சீட்டில் 50,000ஐ 11,060.28ஆல் வகுத்தால் 4.52 பவுண்டு வரும். அவன் 4.52 பவுண்டு கட்டியிருந்தாலும் ஏறக்குறைய அதே 50,000 கிடைத்திருக்கும். மீதி 15.48 பவுண்டு எந்த வேலையும் செய்யாது. தோற்றால் அதுவும் சேர்ந்து போகும், ஜெயித்தால் அதற்கு ஒரு பென்னியும் வராது.

கம்பெனியின் லாபத்தோடு சேர்த்துப் பார்த்தால் இன்னும் உறைக்கும். ஒவ்வொரு ஆட்டத்தின் ஆட்ஸிலும் கம்பெனி தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் எண்ணைப் போடும். அது 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பத்து ஆட்டம் கோக்கும்போது 0.95ஐப் பத்து முறை பெருக்க வேண்டும், 0.599 வரும். அதாவது வரம்பே இல்லாவிட்டாலும் 20 பவுண்டின் சராசரி மதிப்பு சுமார் 12 பவுண்டுதான். வரம்பு 2,21,205ஐ 50,000 ஆக வெட்டும்போது அந்த 12 பவுண்டு 2 பவுண்டு 70 பென்ஸ் ஆகிவிடுகிறது. 20 கொடுத்து 2.70 மதிப்புள்ள ஒன்றை வாங்குகிறோம். லாட்டரிச் சீட்டு வாங்குபவர்கூட இவ்வளவு மோசமான பேரம் செய்வதில்லை.

அதனால் சீட்டுத் தொகை வரம்பைத் தொட்டுவிட்டால் செய்யக்கூடியது இரண்டே. ஒன்று, பணத்தைப் பயனுள்ள அளவுக்குக் குறைப்பது. இன்னொன்று, வரம்பைக் கீழே இழுக்கும் ஆட்டத்தை வெளியே எடுப்பது. வரம்பைத் தொட்ட சீட்டில் மேலும் ஒரு ஆட்டத்தைச் சேர்ப்பதற்கு எந்தக் காரணமும் கிடையாது. வெல்லும் வாய்ப்பு மட்டும் குறையும்.

கட்டிய பணம் வரம்புக்குள்ளா வெளியிலா என்ற கேள்வி இங்கே சின்னது. `Winnings` என்று எழுதியிருந்தால் பொதுவாகக் கட்டிய பணம் தனியாகத் திரும்பும், `Returns` அல்லது `Payout` என்றால் அதையும் சேர்த்துத்தான் வரம்பு. 20 பவுண்டு விஷயத்தில் ஒன்றும் இல்லை. ஆயிரக்கணக்கில் கட்டுபவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான்காம் படி: நாள் வரம்பு

சீட்டுக்கு வரம்பு என்றால் சீட்டைப் பிரித்துப் போட்டால் போயிற்று என்று எல்லோருக்கும் முதலில் தோன்றும். 20 பவுண்டை ஒரே சீட்டாகப் போடாமல் நாலு நாலு பவுண்டாக ஐந்து சீட்டு. ஒவ்வொன்றும் 44,241 பவுண்டு காட்டும், 50,000க்குள் இருக்கிறது, ஐந்தும் சேர்ந்து 2,21,205. பார்க்க அழகாக இருக்கிறது.

இந்த வழியை அடைக்கத்தான் நாள் வரம்பு. பெரும்பாலான கம்பெனிகள் வரம்பை ‘ஒரு வாடிக்கையாளருக்கு, ஒரு நாளைக்கு’ என்று எழுதுகின்றன. அன்றைக்கு எத்தனை சீட்டு ஜெயித்தாலும் மொத்தம் அவ்வளவுதான். அதற்கும் மேலே, ஒரே தேர்வுகளைக் கொண்ட பல சீட்டுகளை ஒரே சீட்டாக எடுத்துக்கொள்வோம் என்று தனி விதியும் இருக்கும். ஐந்து சீட்டாகப் பிரித்தவருக்கும் மொத்தம் 50,000தான்.

நாள் வரம்பு எதிர்பாராத இடத்தில் இன்னொரு வேலையும் செய்யும். காலையில் வேறு ஒரு சின்ன லீக் சீட்டில் 30,000 ஜெயித்துவிட்டீர்கள் என்று வையுங்கள். அந்தத் தட்டில் அன்றைக்கு மிச்சம் இருப்பது 20,000 மட்டும். மாலைச் சீட்டு தனியாக 45,000 ஜெயித்தாலும் 25,000 போய்விடும். முதல் வெற்றிக்குப் பிறகு அன்று மீதிச் சீட்டுகள் எல்லாம் மதிப்புக் குறைந்தவை என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

எது ஒரு நாள் என்பதையும் கேளுங்கள். சில இடங்களில் சீட்டுப் போட்ட நாள், சில இடங்களில் முடிவு கணக்கிடப்பட்ட நாள். பிரிட்டன் நள்ளிரவு என்பது நம் ஊர் நேரத்தில் கோடையில் காலை நாலரை மணி, குளிர்காலத்தில் ஐந்தரை. சனிக்கிழமை போட்ட சீட்டும் ஞாயிற்றுக்கிழமை போட்ட சீட்டும் ஒரே நாளில் கணக்கிடப்பட்டால் ஒரே வரம்புக்குள் வந்துவிடலாம்.

மனைவி பெயரில், நண்பர் பெயரில் கணக்குத் திறந்து பிரித்துப் போடுவது பற்றிக் கடையிலும் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஒருவரின் பணத்தில் இன்னொருவர் பெயரில் கட்டினால் வரம்பு அளவுகூடக் கிடைக்காமல் போகலாம், ஏனென்றால் அது விதி மீறல், கம்பெனி முழுத் தொகையையும் மறுக்கலாம். வட அயர்லாந்தில் ஒரு மாணவி 10 லட்சம் பவுண்டுக்கு பெட்365 மீது வழக்குப் போட்டதில், பணம் வேறு ஆளுடையது என்பதுதான் கம்பெனி எடுத்து வைத்த வாதம்.

ஐந்தாம் படி: பாதியில் வெளியேறும் பொத்தான்

`Cash Out` என்ற பொத்தானில் வரம்பு இன்னொரு விதமாக ஏமாற்றும். பத்து ஆட்டச் சீட்டில் ஒன்பது ஜெயித்துவிட்டன, கடைசி ஆட்டம் பாக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். மனசு 2,21,205ஐப் பார்த்துக்கொண்டிருக்கும். கம்பெனி 31,000 பவுண்டு தருகிறேன் என்கிறது. ‘இரண்டு லட்சம் வரப்போகிற நேரத்தில் முப்பத்தோராயிரமா’ என்று கோபம் வரும், வேண்டாம் என்று தள்ளத் தோன்றும்.

ஆனால் அந்தச் சீட்டில் கிடைக்கக்கூடியது 50,000தான். கடைசி அணியின் ஆட்ஸ் 1.50 என்றால் அது ஜெயிக்க அதிகபட்சம் மூன்றில் இரண்டு வாய்ப்பு. 50,000ஐ 1.50ஆல் வகுத்தால் 33,333. அந்த நேரத்தில் சீட்டின் உண்மையான மதிப்பு அதற்கு மேல் இல்லை. 31,000 என்பது அவமானம் செய்யும் தொகை அல்ல, ஏறக்குறைய சரியான விலை. திரையில் தெரியும் பெரிய எண்ணோடு ஒப்பிட்டு மறுத்தவர், ஒரு ஆட்டம் டிராவில் முடிந்ததும் வெறுங்கையோடு நிற்பார். எப்போதும் வரம்போடு ஒப்பிடுங்கள்.

ஆட்டம் ஒன்று மழையால் நின்றுபோய் ரத்தானால் என்ன ஆகும் என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. ரத்தான ஆட்டத்தின் ஆட்ஸ் 1 என்று எடுத்துக்கொள்வார்கள். அந்த ரத்தான ஆட்டம்தான் சின்ன லீக் ஆட்டம் என்றால் வரம்பு மீண்டும் 5 லட்சத்துக்கு ஏறுமா? விதியில் தெளிவாக இல்லாவிட்டால் கட்டும் முன்பே கம்பெனியின் சாட்டில் கேட்டு, பதிலைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஜெயித்த பிறகு கேட்டால் கிடைக்கும் பதில் வேறாக இருக்கும்.

குதிரைப் பந்தயத்தில் டோட் முறையில் கட்டுபவர்களுக்கு இந்தத் தலைவலி பெரிதாக இல்லை. அங்கே எல்லோரும் கட்டிய பணத்தைக் கழிவு போக ஜெயித்தவர்கள் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். பங்கு பெரிதாவதும் சிறிதாவதும் எத்தனை பேர் ஜெயித்தார்கள் என்பதைப் பொறுத்தது.

ஆறாம் படி: வெட்டிவிட்டார்கள் என்றால்

முதலில் வெட்டினார்களா, தள்ளிப்போட்டார்களா என்று பிரித்துப் பாருங்கள். கணக்கில் முழுத் தொகையும் ஏறியிருக்கிறது, ஆனால் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் வங்கிக்கு எடுக்கலாம் என்றால் அது எடுக்கும் வரம்பு. பணம் உங்களுடையது, மெதுவாக வரும். கணக்கில் ஏறியதே 50,000 என்றால் அது பட்டுவாடா வரம்பு, மீதி வராது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு புகார் எழுதினால் கம்பெனி எளிதாகத் தட்டிக்கழித்துவிடும்.

பட்டுவாடா வரம்பு என்றால், நீங்கள் கட்டிய நாளில் இருந்த விதிப் பக்கம்தான் பேச வேண்டும். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் பெரிய சீட்டுப் போடும் அன்றே அந்த அட்டவணையையும், சீட்டையும், எச்சரிக்கை வந்ததா இல்லையா என்பதையும் திரையைப் படம் எடுத்துச் சேமித்து வைப்பது நல்லது. புகாரை முதலில் கம்பெனிக்கு எழுத்தில் அனுப்ப வேண்டும். பிரிட்டனில் அவர்களுக்கு எட்டு வாரம் அவகாசம். அதற்குள் தீராவிட்டால், கம்பெனி பெயர் குறிப்பிட்டிருக்கும் தனித் தீர்வு அமைப்புக்குப் போகலாம். ஐபாஸ் என்பது அவற்றில் பரவலாகத் தெரிந்தது, கட்டணம் கிடையாது.

நீதிமன்றத்திலும் கேட்கலாம். பிரிட்டனின் 2005 சூதாட்டச் சட்டத்தின் 335ஆம் பிரிவு 2007 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, பந்தயம் என்ற காரணத்துக்காக மட்டும் ஒப்பந்தம் செல்லாது என்று சொல்ல முடியாது. சமீப ஆண்டுகளில் வந்த தீர்ப்புகள் இரண்டு பக்கமும் போயிருக்கின்றன. 2021இல் பெட்ஃபிரெட் ஒரு வாடிக்கையாளருக்கு 17 லட்சம் பவுண்டு தர வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. மென்பொருள் பழுது என்று கம்பெனி மறுத்திருந்தது, ஆனால் அதற்குச் சாதகமான விதிகளை அவர் கண்ணில் படும்படி காட்டவில்லை. 2025 மார்ச்சில் பேடி பவர் வழக்கு: திரை 10,97,132 பவுண்டு ஜாக்பாட் என்று காட்டியது, கம்பெனி சுமார் 20,265 மட்டும் கொடுத்தது, திரையில் காட்டியதைக் கொடுக்கச் சொன்னார் நீதிபதி. நடுவில் 2024இல் தேசிய லாட்டரியை நடத்திய கேமலாட் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் எதிர்ப்பக்கம் நின்றது. 10 லட்சம் என்று நினைத்தவருக்கு 10 பவுண்டுதான்.

இந்த மூன்றும் பழுது பற்றிய வழக்குகள், வரம்பு பற்றியவை அல்ல. வரம்பு விதி தெளிவான அட்டவணையாக, எளிதில் எட்டும் இடத்தில் இருந்தால் அதை உடைப்பது மிகக் கடினம் என்பது என் கருத்து. அட்டவணையில் ஒரு லீக் எந்தத் தட்டில் வரும் என்பது குழப்பமாக இருந்தாலோ, சீட்டில் வேறு வரம்பு காட்டியிருந்தாலோ, அங்கேதான் உங்கள் புகாருக்கு வலு.

ஊரில் இருப்பவர்களுக்கு

மேலே சொன்ன எந்தப் பாதுகாப்பும் கடலூரிலோ புதுச்சேரியிலோ உட்கார்ந்து வெளிநாட்டுத் தளத்தில் பணம் கட்டுபவருக்குக் கிடையாது. தமிழ்நாட்டில் ஆன்லைன் சூதாட்டத்தை 2022 சட்டம் தடை செய்கிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றி, குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்த சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடு முழுவதற்கும் தடை செய்கிறது, புதுச்சேரியும் அதில் அடங்கும். அதற்கெல்லாம் முன்பே, 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவு பந்தய ஒப்பந்தம் செல்லாது என்றும், ஜெயித்த பணத்தைக் கேட்டு வழக்குப் போட முடியாது என்றும் சொல்லிவிட்டது. வரம்பு என்று ஒன்று எழுதியிருந்தாலும் இல்லாவிட்டாலும், தளம் கொடுப்பதுதான் வரம்பு.

இப்படிப்பட்ட தளங்களில் வெற்றியை வெட்டுவதற்கு நான் அதிகம் பார்த்த வழி, போனஸ். 2,000 ரூபாய் போட்டால் 2,000 இலவசம் என்பார்கள். அந்தப் போனஸோடு ஆடினால் எடுக்கக்கூடிய தொகை போனஸின் ஐந்து மடங்கோ பத்து மடங்கோதான் என்று விதியில் இருக்கும். ஐபிஎல் நேரத்தில் கணக்கில் ஒன்றரை லட்சம் காட்டும், எடுக்கப் போனால் பத்தாயிரம்தான் வரும், மீதி எண்ணாகவே மறைந்துவிடும். திருப்பாதிரிப்புலியூரில் எனக்குத் தெரிந்த ஒரு பையனுக்கு இப்படித்தான் நடந்தது. அவன் பணத்தைக் கேட்டுத் துரத்தியபோது அடுத்த வலை வந்தது: ‘உங்கள் வரம்பை உயர்த்த வேண்டுமானால் 30 சதவீத வரியை முன்கூட்டியே கட்டுங்கள்’ என்று ஒரு டெலிகிராம் கணக்கிலிருந்து செய்தி. வீட்டில் நகையை அடகு வைக்கும் வரை போய்விட்டான்.

வரி என்பது கொடுக்கும் தொகையிலிருந்து பிடிக்கப்படுவது. முதலில் நீ கட்டு, பிறகு நான் தருகிறேன் என்று எந்த வரியும் கிடையாது. வரம்பை உயர்த்தக் கட்டணம், கணக்கைத் திறக்கக் கட்டணம், சரிபார்ப்புக் கட்டணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அது இரண்டாவது திருட்டு. அப்படிப் பணம் அனுப்பிவிட்டீர்கள் என்றால் அன்றே 1930 என்ற எண்ணுக்கு அழைத்துச் சொல்லுங்கள், அல்லது `cybercrime.gov.in` தளத்தில் பதிவு செய்யுங்கள். அனுப்பிய நேரம், யுபிஐ பரிவர்த்தனை எண், பணம் போன கணக்கு விவரம், செய்தியின் படம் ஆகியவை கையில் இருக்கட்டும். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் சொன்னால் வங்கியால் அதை நிறுத்தி வைக்க முடியும், ஒரு நாள் தள்ளினால் பெரும்பாலும் முடியாது.